டம்ளர் டீ

அந்த ஏப்ரல் மாத ஆண்டு ரிவ்யூவில் காலைக் காபிக்குப் பிறகு ஹாலுக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் ஒரு நொடி தயங்கினோம். மேடைக்குக் கீழே நீளமான மேசை. அதன் மேல் 17 பொருட்கள். எவர்சில்வர் டம்ளர், மூடி சரியாகப் பொருந்தாத பிளாஸ்டிக் டப்பா, சோப்பு வைக்கும் கிண்ணம், ஒரு சின்னப் பச்சை வாளி, முருகன் படம் போட்ட காலண்டர், குலுக்கல் கூப்பன் கட்டு, யாரோ ஒரு நடிகரின் படத்தை இணையத்தில் எடுத்து ஒட்டி அச்சடித்த நோட்டீஸ். எல்லாம் எங்கள் கம்பெனி டீத்தூளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டவை. தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்து கொடுக்கப்பட்டது அவற்றில் ஒன்றுகூட இல்லை.

அந்த டம்ளர் என்னுடையது. அதாவது, மதுரை ஏரியாவில் பாக்கெட்டோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி விற்கச் சொன்னவன் நான். அப்போது அங்கே ஏரியா மேனேஜர். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். எண்களையும் வாசகர்கள் மனக்கணக்காகப் போடத் தோதாக முழுமையாக்கித் தந்திருக்கிறேன். நடந்த விகிதம் அதுதான்.

விற்பனை வேலையில் இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரு பொருளின் பெயர், பாக்கெட்டின் நிறம், விளம்பரம், விலை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவர் பிராண்ட் மேனேஜர். அதைக் கடை கடையாகக் கொண்டுபோய் வைத்துப் பணமாக்குவது நாங்கள். அவர்களுக்கு வருடக் கணக்கு, எங்களுக்கு மாதக் கணக்கு. மாதம் பிறந்து 20 தேதி வரை எங்களுக்கு யாரிடமும் பகை கிடையாது. 25க்கு மேல் டார்கெட்டில் குறைவது தெரிந்துவிட்டால், ஏரியா பட்ஜெட்டில் மிச்சம் இருக்கும் பணத்தில் எதையாவது வாங்கிப் பாக்கெட்டோடு கட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் சரக்கை ஏற்றிவிடுவோம். பாத்திரக்கடையில் 500 டம்ளர் மொத்தமாக எடுத்தால் விலை குறையும். பில்லை ‘கடை அலங்காரச் செலவு’ என்று போட்டு கிளெய்ம் அனுப்புவோம். இதற்குப் பெயர் லோக்கல் ஸ்கீம்.

மேடை ஏறிய பிராண்ட் மேனேஜருக்கு வயது 31. கம்பெனிக்கு வந்து ஒன்றரை வருடம். எதிரே உட்கார்ந்திருந்த விற்பனைத் தலைகள் 11 பேர், யாருக்கும் 20 வருட சர்வீஸுக்குக் குறைவில்லை. பிராண்டின் மதிப்பு, ஒரே முகம், ஒரே குரல் என்று படம் போட்டுக் காட்டப்போகிறார், மதியச் சாப்பாடு வரை தாங்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தோம். அதற்கு முன் மூன்று வருடமும் மூன்று பேர் அப்படித்தான் பேசினார்கள். நாங்கள் கைதட்டிவிட்டு வந்து அடுத்த வாரமே டம்ளர் வாங்கப் போனோம்.

இவர் படம் போடவில்லை. “டிசம்பர்ல இருந்து 11 வாரம் கடைகளுக்குப் போனேன். இந்த மேசையில இருக்கறது எல்லாத்தையும் நானே காசு கொடுத்து வாங்கினேன். யாரு கொடுத்ததுன்னு நான் சொல்லப்போறதில்ல” என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அதுவும் ஒரு மிரட்டலாகப் போயிருக்கும். அடுத்து அவர் சொன்ன கதை என் ஏரியாவில் நடந்தது.

திருமங்கலத்தில் ஒரு மளிகைக்கடை. காலை 7 மணி. ஒரு அம்மா வந்து, “அண்ணாச்சி, அந்த டம்ளர் டீ ஒண்ணு குடுங்க” என்கிறார். அண்ணாச்சி, “டம்ளர் முடிஞ்சு போச்சும்மா, தூள் மட்டும் இருக்கு” என்கிறார். “அப்ப வேற ஏதாவது குடுங்க.” அந்த அம்மா வாங்கிப் போனது வேறு கம்பெனிப் பாக்கெட். இன்னொன்றையும் இவர் கவனித்திருக்கிறார். கடையின் பின்பக்கம் எங்கள் பாக்கெட்டுகள் டம்ளர் இல்லாமல் அடுக்கியிருக்கின்றன. டம்ளர்கள் தனியாக ஒரு சரத்தில் தொங்குகின்றன, ஒன்று 15 ரூபாய். நாங்கள் 12 ரூபாய்க்கு வாங்கிச் சும்மா கொடுத்த டம்ளர் அது.

ஹாலில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்களே.

பிறகு வெள்ளைப் பலகையில் கணக்கு எழுதினார். 250 கிராம் பாக்கெட். எம்.ஆர்.பி. 100 ரூபாய். கடைக்காரர், டிஸ்ட்ரிபியூட்டர் பங்கு போகக் கம்பெனிக்கு வருவது 80. இலை, பேக்கிங், வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து 56. மிச்சம் 24. மதுரை ஏரியாவில் சாதாரணமாக மாதம் 10,000 பாக்கெட் போகும். டம்ளர் கொடுத்த மாதம் 16,000 போனது. நூற்றுக்கு அறுபது கூடுதல்! அந்த மாதம் எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, சட்டகம் போட்டு மாட்டியிருந்தேன்.

ஆனால் டம்ளருக்கு 12 ரூபாய் போனால் பாக்கெட்டுக்கு மிஞ்சுவது 12 தான். 16,000 பாக்கெட்டுக்கு 1,92,000 ரூபாய். சும்மா இருந்து 10,000 பாக்கெட் விற்றிருந்தால் 2,40,000. விற்பனை இரண்டு மடங்காகி 20,000 பாக்கெட் போனால்தான் பழைய காசே கைக்கு வரும். இதுவரை எங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரிந்ததுதான். அதன் பிறகு இரண்டு மாதத்தையும் சேர்த்து அவர் எழுதியபோதுதான் சிரிப்பு அடங்கியது.

டீ அதிகமாகக் கிடைக்கிறது என்பதற்காக யாரும் ஒரு நாளைக்கு எட்டு வேளை குடிப்பதில்லை. டம்ளருக்காக இரண்டு பாக்கெட் வாங்கிய வீட்டில் அடுத்த மாதம் டீத்தூள் வாங்க மாட்டார்கள். அடுத்த மாதம் என் விற்பனை 6,000. அதற்கடுத்த மாதம் 9,000. மூன்று மாதமும் சேர்த்தால் 31,000 பாக்கெட். ஸ்கீமே இல்லாவிட்டால் 30,000 போயிருக்கும். கூடுதலாக விற்றது 1,000 பாக்கெட். பணமாகப் பார்த்தால், ஸ்கீம் இல்லாவிட்டால் 7,20,000 மிஞ்சியிருக்கும். இப்போது மிஞ்சியது 5,52,000. குறைந்தது 1,68,000. அதை அந்த 1,000 பாக்கெட்டால் வகுத்தார்.

“ஒவ்வொரு கூடுதல் பாக்கெட்டுக்கும் நாம 168 ரூபாய் கொடுத்திருக்கோம் சார். கடையில போய் எம்.ஆர்.பி. கொடுத்து நாமே வாங்கியிருந்தா 100 ரூபாயோட முடிஞ்சிருக்கும்.”

இலவசம் பொருளை விழுங்கிவிடுவதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்றையும் அங்கே சொன்னார். 1992இல் ஹூவர் கம்பெனியின் பிரிட்டன் கிளை, தேங்கிக் கிடந்த சரக்கைத் தள்ளுவதற்காக, 100 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் இரண்டு பேருக்குப் போக வர விமான டிக்கெட் இலவசம் என்று அறிவித்தது. முதலில் ஐரோப்பாவுக்கு, பிறகு அமெரிக்காவுக்கும். நிபந்தனைகளைப் பார்த்து மலைத்துப் பெரும்பாலோர் டிக்கெட் கேட்க மாட்டார்கள் என்று நம்பினார்கள். ஜனங்கள் டிக்கெட்டுக்காகவே வாக்குவம் கிளீனர் வாங்கினார்கள். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் விற்றவர்கள் உண்டு. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பறந்தார்கள். செலவு ஏறக்குறைய 5 கோடி பவுண்டு. 1993இல் மூன்று உயரதிகாரிகளின் வேலை போனது. 1995இல் தாய்க் கம்பெனியான மேடாக், ஹூவரின் ஐரோப்பியத் தொழிலையே இத்தாலியின் கேண்டி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அங்கே விமானம், எங்களுக்கு டம்ளர்.

இதற்குள் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கணக்கு புரிந்தது. ஆனால் யாரும் மனம் மாறியதாக எனக்குத் தோன்றவில்லை. லாபம் குறைந்தால் கம்பெனிக்கு நஷ்டம். டார்கெட் குறைந்தால் எனக்கு இன்சென்டிவ் நஷ்டம். இந்த இரண்டில் எதை ஒரு ஏரியா மேனேஜர் முதலில் பார்ப்பான் என்று கேட்கத் தேவையில்லை. இப்படிப்பட்ட கூட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

அவர் பையிலிருந்து எங்கள் கம்பெனியின் டீத்தூள் பாக்கெட் ஒன்றை எடுத்தார். “இது குமுளியில ஒரு கடையில வாங்கினது” என்றார். பின்பக்கத்தில் அச்சடித்திருந்த பேட்ச் எண்ணைப் படித்தார். அந்த பேட்ச் முழுவதும் மதுரை டிப்போவுக்கு அனுப்பப்பட்டது.

கேரள மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எந்த டிப்போவுக்கு எந்த பேட்ச் போனது என்பது தலைமை அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒரு கடையில் இருக்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் அது எந்த ஊருக்கு என்று புறப்பட்ட சரக்கு என்பது தெரிந்துவிடும். நான் டம்ளருக்கு அடுத்து, மொத்த வியாபாரிகளுக்கு 12 பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி சும்மா என்று ஒரு ஸ்கீம் போட்டிருந்தேன். 13 பெட்டியை 12 பெட்டி விலைக்கு எடுத்தால் நூறு ரூபாய் சரக்கில் ஏறக்குறைய 7 ரூபாய் 70 காசு மிச்சம். தேனிப் பக்கத்து மொத்த வியாபாரி ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். கம்பம் வழியாக மலை ஏற்றிக் குமுளியில் இறக்க, வண்டி வாடகை நூற்றுக்கு 2 ரூபாய் என்று வைத்தாலும் 5 ரூபாய்க்கு மேல் நிற்கிறது. அதில் பாதியைக் குமுளிக் கடைக்காரருக்கு விட்டுக்கொடுத்தால், அங்கே உள்ள எங்கள் டிஸ்ட்ரிபியூட்டரிடம் யாரும் வாங்க மாட்டார்கள். தேயிலை விளைகிற மலைக்கே தேனியிலிருந்து டீத்தூள் ஏற்றியனுப்பிய பெருமை என்னைச் சேரும்.

என் கணக்கில் பெட்டிகள் ஏறின. கேரள மேனேஜரின் கணக்கில் அதே பெட்டிகள் இறங்கின. கம்பெனிக்கு ஒரு பாக்கெட்கூடக் கூடவில்லை. ஸ்கீம் பணம் மட்டும் போனது. அங்குள்ள டிஸ்ட்ரிபியூட்டர் இரண்டு மாதம் ஆர்டர் போடவில்லை. அதற்காகக் கேரள மேனேஜர் முந்தின ரிவ்யூவில் வாங்கிக் கட்டிக்கொண்டதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். “மார்க்கெட் டல்லா இருக்கு சார்” என்று அவர் அன்று சொன்னபோது யாரும் நம்பவில்லை.

இப்போது அவர் எழுந்துவிட்டார். பிராண்ட் மேனேஜரைப் பார்த்து அல்ல, எங்கள் வரிசையைப் பார்த்து. “யாருண்ணே அது? எனக்கு ஆறு மாசமா ராத்திரி தூக்கம் இல்ல.” அதன் பிறகு கோவைக்காரர் பாலக்காட்டைப் பற்றியும், சேலத்துக்காரர் தர்மபுரி வழியாக ஓசூரில் இறங்கும் சரக்கைப் பற்றியும் ஆரம்பித்தார்கள். இருபது நிமிடம் அந்தப் பெண் பேசவே இல்லை. தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார். தலைமை அலுவலகத்துக்கும் விற்பனைக்கும் நடந்துகொண்டிருந்த சண்டையை விற்பனைக்காரர்களுக்குள் திருப்பிவிட்டார் என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், சண்டை முதலிலிருந்தே எங்களுக்குள்தான். நாங்கள்தான் அதைத் தலைமை அலுவலகத்தின் மேல் போட்டு வைத்திருந்தோம். பிராண்ட் என்று சொன்னால் காதில் ஏறாதது, பக்கத்து ஏரியாக்காரன் என் சரக்கைத் தின்கிறான் என்றால் ஏறிவிடுகிறது.

எதிர்ப்பு வராமல் இல்லை. எங்களில் மூத்தவர், நெல்லைக்காரர், கையைத் தூக்கினார். “ஏம்மா, நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா 28ஆம் தேதி ராத்திரி நீங்க வந்து எங்க டிஸ்ட்ரிபியூட்டர் கடையில நில்லுங்க. எங்க ஊருல ஒரு லோக்கல் கம்பெனி வாளி குடுக்கான். நான் ஒண்ணும் குடுக்கலைன்னா கடைக்காரன் என் சரக்கைக் கீழ்த்தட்டுல தள்ளிருவான். அப்ப பிராண்ட வச்சு என்ன செய்ய?”

இது நியாயமான கேள்வி. “நிறுத்துங்கள்” என்று மட்டும் சொன்ன பழைய மேனேஜர்களிடம் இதற்குப் பதில் இருக்கவில்லை. இவர், “நீங்க சொல்றது உண்மை சார், அந்த வாளிக்காரரையும் பார்த்தேன்” என்றார். பிறகு, தான் விற்பனை இயக்குநரிடம் முன்கூட்டியே பேசி வாங்கி வைத்திருந்ததை எடுத்து வைத்தார். கூட்டத்தின் நிஜமான சரக்கு அதுதான் என்பேன்.

ஏரியா பட்ஜெட்டில் ஒரு ரூபாயும் தலைமை அலுவலகம் எடுக்காது. எங்களுக்கு இருந்த முதல் பயமே அதுதான். அடுத்து, டார்கெட்டை அளக்கும் இடம் மாறும். அதுவரை கம்பெனி டிப்போவிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சரக்கைத்தான் விற்பனை என்று எண்ணினார்கள். தொழிலில் அதற்கு பிரைமரி என்று பெயர். டிஸ்ட்ரிபியூட்டர் கடைகளுக்குப் போடுவது செகண்டரி. பிரைமரியை எண்ணும்வரை, கடைசி வாரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் கோடவுனை நிரப்புவதுதான் புத்திசாலித்தனம். செகண்டரியை எண்ணினால், ஏற்றிய சரக்கு கோடவுனில் கிடப்பது நம் கணக்கில் ஏறாது. கடைசி வார டம்ளருக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

மூன்றாவது, லோக்கல் ஸ்கீம் முழுவதும் தடை இல்லை. போட்டிக்காரர் வாளி கொடுக்கும் ஊருக்கு மட்டும், நாள் குறித்து, கடைப் பட்டியலோடு கேட்கலாம். 48 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்ளலாம். நெல்லைக்காரர் இந்த ஒன்றை மட்டும் இரண்டு முறை கேட்டு, கூட்டக் குறிப்பில் எழுத வைத்தார். ஆனால் குலுக்கல் மட்டும் எந்த ஊரிலும் கூடாது. விற்பனைக்காகக் குலுக்கல் நடத்துவதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. வழக்கு வந்தால், மிக்சி பரிசு என்று கூப்பன் அடித்தவர் பெயருக்கு நோட்டீஸ் வராது. கம்பெனி பெயருக்கு வரும்.

கொடுப்பதற்கு என்ன பொருள்? அதற்கு அவர் வைத்த சோதனை எளிமையானது. இலவசத்தை எடுத்துக்கொண்டு போனவர் வீட்டில் நம் டீயைப் போட்டுக் குடிக்க அது ஒரு காரணமாக இருக்க வேண்டும். டம்ளரில் மோரும் குடிக்கலாம், பல் தேய்க்கவும் தண்ணீர் பிடிக்கலாம். வாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் 25 கிராம் மாதிரிப் பாக்கெட்டை டீ போடத்தான் பயன்படுத்த முடியும். சந்தை நாளில் ஒரு அடுப்பு வைத்து நம் தூளில் டீ போட்டுக் கொடுத்தால், குடித்தவருக்கு ருசி தெரியும்.

இதற்கு நம் ஊரிலேயே பழைய பாடம் ஒன்று உண்டு. கடலூரிலிருந்து 1983இல் சிக் ஷாம்புவைத் தொடங்கிய சி.கே.ரங்கநாதன், காலி ஷாம்பு சாஷே ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று அறிவித்தார். முதலில் எந்த ஷாம்புவின் காலி உறையையும் வாங்கிக்கொண்டார்கள். அது பிடித்துக்கொண்ட பிறகு, சிக்கின் காலி உறை மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். அடுத்த கம்பெனி ஷாம்புவில் குளித்தவர் கையில் தன் பொருளைக் கொடுத்துப் பார்த்தது முதல் கட்டம். தன் பொருளில் குளித்தவரைத் திரும்ப வர வைத்தது இரண்டாம் கட்டம். இலவசமாகப் போனதும் ஷாம்பு, திரும்பி வந்ததும் ஷாம்பு. நடுவில் டம்ளருக்கு இடமே இல்லை.

மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் முடிந்தது. 11 பேரில் எட்டுப் பேர் ஒப்புக்கொண்டார்கள். மூன்று பேர், “பார்க்கலாம்” என்றார்கள். விற்பனைத் தொழிலில் அதற்கு முடியாது என்று பொருள்.

அதன் பிறகு எல்லாம் ஏறுமுகம் என்று எழுத ஆசைதான். முதல் மூன்று மாதம் என் ஏரியாவின் கணக்கு விழுந்தது. செகண்டரியை எண்ணத் தொடங்கியதும், டிஸ்ட்ரிபியூட்டர் கோடவுன்களில் 40 நாள் சரக்கு தேங்கியிருப்பது வெளியே வந்தது. அது கரையும்வரை புது ஆர்டர் கிடையாது. இரண்டு சேல்ஸ்மேன்கள் இன்சென்டிவ் போய்விட்டது என்று வேலையை விட்டார்கள். வாளிக்காரர் நெல்லையில் இன்னும் இரண்டு தாலுகாக்களைப் பிடித்துக்கொண்டார். அங்கே 48 மணி நேர அனுமதியில் கொடுத்த 25 கிராம் பாக்கெட் அவரை அசைக்கவில்லை. வாளிக்காக வாங்குபவர்களை ருசியால் இழுக்க முடியாது என்பது இந்த முறையின் எல்லை. அவர்களை விட்டுவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை என்று பிராண்ட் மேனேஜரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

குமுளியில் மட்டும் மாற்றம் சீக்கிரம் தெரிந்தது. 12க்கு 1 நின்றதும் மலை ஏறும் வண்டியும் நின்றுவிட்டது. கேரள மேனேஜர் தீபாவளிக்கு எனக்கு ஒரு டப்பா நேந்திரங்காய் சிப்ஸ் அனுப்பினார். அந்த டம்ளர் யாருடையது என்று அவருக்கு எப்போது தெரிந்ததோ, நான் கேட்கவில்லை.

அடுத்த ஏப்ரலிலும் அதே ஹாலில் அதே மேசையைப் போட்டிருந்தார்கள். இந்த முறை மேல் இருந்தவை நான்கு பொருட்கள். மூன்று, “பார்க்கலாம்” என்றவர்களின் ஏரியாவில் வாங்கியவை. நான்காவது, உசிலம்பட்டியில் வாங்கிய ஒரு டம்ளர். என் ஏரியா.